ஒரே விற்பனைச் சரிவு, இரண்டு விதமான அடி: ஆபரேட்டிங் லீவரேஜும் நிகர தற்போதைய மதிப்பும்

ஒரு திட்டம் வருங்காலத்தில் தரும் பணத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி, அதிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வருவது நிகர தற்போதைய மதிப்பு. அதைக் கணக்கிட்டு, நேர் எண் வந்துவிட்டால் பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். விற்பனை எதிர்பார்த்ததைவிடப் பத்து சதவீதம் குறைந்தால் அந்த எண் என்னவாகும் என்பதற்கான விடை பெரும்பாலும் செலவின் அமைப்பில்தான் இருக்கிறது. நிலையான செலவு இருப்பதால் விற்பனையின் மாற்றம் பணவரவில் பெருகித் தெரிவதைத்தான் ஆபரேட்டிங் லீவரேஜ் என்கிறோம். அதை ஒரு சின்னக் கணக்கின் மூலம் போட்டுப் பார்ப்போம். வரி, பணவீக்கம் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

படி 1: இரண்டு திட்டங்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பொருளை இரண்டு வழிகளில் தயாரிக்கலாம். விற்பனை விலை ஒன்றுக்கு 100. ஆண்டுக்கு 10,000 எண்ணிக்கை விற்கும் என்பது மதிப்பீடு. தொடக்க முதலீடு இரண்டிலும் 6 லட்சம், ஆயுள் 5 ஆண்டு. வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கப் பயன்படும் தள்ளுபடி விகிதம் 10%.

"அ" திட்டத்தில் பெரும்பகுதி வேலை வெளியே கொடுத்துச் செய்யப்படுகிறது. அதனால் ஒரு பொருளுக்கு மாறும் செலவு 70, ஆண்டுக்கு நிலையான செலவு 1 லட்சம் மட்டுமே. "ஆ" திட்டத்தில் எல்லாம் சொந்தக் கூடத்தில், நிரந்தரப் பணியாளர்களோடு நடக்கிறது. மாறும் செலவு 30தான், ஆனால் வாடகை, சம்பளம், பராமரிப்பு என்று ஆண்டுக்கு 5 லட்சம் நிலையாகப் போகும்.

படி 2: அடிப்படை நிலையைக் கணக்கிடுங்கள்

விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் கிடைப்பது ஒரு பொருளின் பங்களிப்பு. "அ"வில் அது 30, "ஆ"வில் 70. 10,000 பொருளுக்கு மொத்தப் பங்களிப்பு முறையே 3 லட்சமும் 7 லட்சமும். நிலையான செலவைக் கழித்தால் இரண்டிலுமே ஆண்டுக்கு 2 லட்சம் பணவரவு மிஞ்சுகிறது.

ஆண்டுதோறும் ஒரே அளவாக வரும் தொகையை இன்றைய மதிப்புக்கு மாற்றும் எண்ணுக்கு ஆண்டுத்தொகைக் காரணி என்று பெயர். 10 சதவீதத்தில் 5 ஆண்டுக்கு அது 3.7908. 2 லட்சத்தை அதால் பெருக்கினால் 7.58 லட்சம். முதலீட்டைக் கழித்தால் நிகர தற்போதைய மதிப்பு 1.58 லட்சம். காகிதத்தில் இரண்டு திட்டங்களும் அச்சு அசலாக ஒன்றே.

விரிதாளில் செய்ய விரும்பினால் B1 முதல் B7 வரை விலை, மாறும் செலவு, எண்ணிக்கை, நிலையான செலவு, முதலீடு, விகிதம், ஆண்டுகள் என்று வரிசையாக நிரப்பிவிட்டு, B8, B9 இரண்டிலும் இவற்றை இடுங்கள்:

```
B8: =(B1-B2)*B3-B4
B9: =PV(B6,B7,-B8)-B5
```

B8 ஆண்டுப் பணவரவு, B9 நிகர தற்போதைய மதிப்பு.

படி 3: எண்ணிக்கையை மட்டும் அசைத்துப் பாருங்கள்

B3-ஐ 9,000 ஆக்குங்கள், பிறகு 11,000 ஆக்குங்கள். மற்ற எதையும் தொடாதீர்கள். நிகர தற்போதைய மதிப்பு இப்படி மாறும்:

| ஆண்டு விற்பனை | "அ" | "ஆ" |
|---|---|---|
| 9,000 | 0.44 லட்சம் | −1.07 லட்சம் |
| 10,000 | 1.58 லட்சம் | 1.58 லட்சம் |
| 11,000 | 2.72 லட்சம் | 4.24 லட்சம் |

விற்பனை பத்து சதவீதம் குறைந்தால் "அ" மெலிந்தாலும் தாங்குகிறது. "ஆ"வின் மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறது. விற்பனை ஏறும்போதோ "ஆ"தான் வெகுதூரம் முந்துகிறது. விற்காத ஒவ்வொரு பொருளுக்கும் "அ" 70 செலவை மிச்சப்படுத்துகிறது, "ஆ" 30ஐ மட்டுமே. மீதியெல்லாம் விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டிய தொகை.

படி 4: ஆட்டம் எங்கே பெருகுகிறது என்று பிரித்துப் பாருங்கள்

இங்கே இரண்டு பெருக்கிகள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன. முதலாவது ஆபரேட்டிங் லீவரேஜ். மொத்தப் பங்களிப்பைப் பணவரவால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். "அ"வுக்கு 3 ÷ 2 = 1.5, "ஆ"வுக்கு 7 ÷ 2 = 3.5. விற்பனையின் 10% மாற்றம் பணவரவில் முறையே 15 சதவீதமாகவும் 35 சதவீதமாகவும் மாறுகிறது.

இரண்டாவது பெருக்கியைத்தான் தொடக்கநிலையில் பலர் தவறவிடுகிறார்கள். தொடக்க முதலீடும் ஒரு நிலையான செலவுதான். போட்ட பிறகு விற்பனை குறைந்தது என்று அதில் ஒரு பகுதி திரும்பி வராது. பணவரவுகளின் தற்போதைய மதிப்பு 7.58 லட்சம், முதலீட்டைக் கழித்தபின் மிஞ்சுவது 1.58 லட்சம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 4.8. ஆகவே "அ"வின் 15% மாற்றம் நிகர தற்போதைய மதிப்பில் 72 சதவீதமாகவும், "ஆ"வின் 35% மாற்றம் 168 சதவீதமாகவும் பெருகுகிறது. 100 சதவீதத்தைத் தாண்டிய சரிவு என்றால் மதிப்பு பூஜ்யத்தையும் கடந்து கீழே போய்விட்டது என்று பொருள்.

நிகர தற்போதைய மதிப்பு முதலீட்டோடு ஒப்பிட எவ்வளவு சிறியதோ, இந்த இரண்டாவது பெருக்கி அவ்வளவு பெரியது. அதனால், மதிப்பு மயிரிழையில் நேராக இருக்கும் ஒரு திட்டத்தில் நிலையான செலவும் அதிகமென்றால், அதைக் கூடுதல் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

படி 5: எவ்வளவு சரிவைத் தாங்கும் என்று கண்டுபிடியுங்கள்

முதலீட்டைக் காரணியால் வகுங்கள்: 6,00,000 ÷ 3.7908 = 1,58,278. ஆண்டுக்கு இவ்வளவு பணவரவு வந்தால் நிகர தற்போதைய மதிப்பு பூஜ்யம். இதோடு நிலையான செலவைக் கூட்டி, ஒரு பொருளின் பங்களிப்பால் வகுத்தால் தேவையான எண்ணிக்கை வரும். "அ"வுக்கு 8,610, "ஆ"வுக்கு 9,404. அதாவது "அ" கிட்டத்தட்ட 14% சரிவைத் தாங்கும், "ஆ" 6 சதவீதத்தை மட்டுமே.

கணக்கேட்டின் சமநிலைப் புள்ளியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முதலீட்டை ஐந்து ஆண்டுக்கும் சமமாகப் பிரித்துத் தேய்மானம் ஆண்டுக்கு 1,20,000 என்று வைத்தால், "ஆ" 8,857 விற்றாலே லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்று கணக்கேடு காட்டும். அந்த அளவு விற்பனையில் நிகர தற்போதைய மதிப்பு ஏறத்தாழ −1.45 லட்சம். முதலீடு முடங்கிக் கிடந்ததற்கான கூலியைத் தேய்மானம் கணக்கில் எடுப்பதில்லை என்பதுதான் காரணம்.

எங்கே இந்தக் கணக்கு பிசகும்

விற்பனைத் தொகை எதனால் குறைந்தது என்பது மிக முக்கியம். எண்ணிக்கைக்குப் பதில் விலை 10% குறைந்து 90 ஆனால், இரண்டு திட்டங்களும் ஆண்டுக்குச் சரியாக 1 லட்சத்தை இழக்கின்றன. இரண்டின் மதிப்பும் −2.21 லட்சத்துக்கு இறங்குகிறது. விலை குறைந்தால் மாறும் செலவில் ஒன்றும் மிச்சமாகாது, அதனால் "அ"வின் பாதுகாப்பு அங்கே பயன்படாது. வெறுமனே "விற்பனை குறைகிறது" என்று ஒரே வரியில் எழுதிச் சோதித்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

மேலே உள்ள அட்டவணை ஐந்து ஆண்டுகளும் விற்பனை அதே மாறிய அளவில் நீடிக்கும் என்று கொள்கிறது. முதல் ஆண்டில் மட்டும் 10% குறைந்தால் "ஆ" இழப்பது 70,000 ÷ 1.1, அதாவது சுமார் 64,000. மதிப்பு நேராகவே நிற்கும்.

தள்ளுபடி விகிதத்தையும் ஒரே அளவாக வைத்தோம். "ஆ"வின் பணவரவு பொருளாதாரத்தின் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அதிகம் ஆடுமானால், முதலீட்டாளர் அதற்குக் கூடுதல் வருவாய் கேட்பார். அதற்கு 12% வைத்தால் காரணி 3.6048, அடிப்படை மதிப்பே 1.21 லட்சமாகக் குறையும்.

கடைசியாக, "நிலையானது" என்று எழுதிய ஒவ்வொரு செலவையும் எத்தனை மாதம் கழித்து நிறுத்த முடியும் என்று கேளுங்கள். ஓராண்டில் முடியும் வாடகை ஒப்பந்தத்தையும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தையும் ஒரே வரியில் சேர்த்தால், முதலாவதன் ஆபத்தை மிகையாகக் காட்டுகிறீர்கள். இரண்டையும் தனித்தனி வரியாக வைத்து, இரண்டாம் ஆண்டிலிருந்து எது மறையும் என்று பணவரவில் குறித்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள்.