ஏழு வயசுப் பிள்ளைக்குச் சாக்பீஸ் கோலம்: புள்ளியில் செய்கிற தவறுகள்தான் கோட்டில் தெரிகின்றன

திருநெல்வேலிப் பக்கம் பொங்கல் முடிந்தாலும் பெண்பிள்ளைகளுக்குச் சிறுவீட்டுப் பொங்கல் பாக்கி இருக்கும். மார்கழி முழுக்க வாசலில் சாணி உருண்டையில் பூசணிப் பூ வைத்து, அதைத் தட்டிக் காயவைத்துச் சேர்த்து, தை பிறந்ததும் முற்றத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக் குட்டிப் பானையில் பொங்கல் வைத்து, அப்புறம் அந்த வறட்டியைத் தாமிரபரணியில் கொண்டுபோய் விடுகிற வழக்கம். அந்தச் சிறுவீட்டுக்கு முன்னால் போடுகிற கோலமாவது பிள்ளை கையாலேயே இருக்கட்டும் என்று வீட்டில் எல்லாருக்கும் ஆசை வரும். பொடி பிடிக்க ஏழு வயசு விரலுக்கு இன்னும் பழகவில்லை என்பதால் சாக்பீஸைக் கொடுப்போம். கொடுத்த கொஞ்ச நேரத்தில் கோலம் கோணிப்போகும், பிள்ளை முகம் சுருங்கும், ஆச்சியோ அம்மாவோ சாக்பீஸை வாங்கித் தானே போட்டு முடித்துவிடுவார்கள். இதில் பிள்ளையின் கைக்குப் பெரும்பாலும் குறை ஒன்றும் இல்லை. எந்தக் கோலம், எப்படிப் புள்ளி, எந்தத் தரை என்று நாம் எடுக்கிற முடிவுகளில்தான் கோளாறு.

முதல் தவறு, சிக்குக் கோலத்தில் தொடங்குவது. நமக்கு அதுதான் கோலம் என்று மனசில் பதிந்திருக்கிறது, பார்க்கவும் அழகு. ஆனால் புள்ளியைத் தொடாமல் அதைச் சுற்றி வளைந்து போவது என்றால், கோடு எங்கே போகவேண்டும் என்பதற்குத் தரையில் ஓர் அடையாளமும் கிடையாது, வெறும் இடைவெளியில் கண்ணளவில் போகவேண்டும். அதே வயசுப் பிள்ளைக்குப் புள்ளியிலிருந்து புள்ளிக்கு நேர்கோடு இழுப்பது சுலபம், முக்கோணம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும். அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் 13 புள்ளி நட்சத்திரத்தைத்தான் முதலில் சொல்வேன். வரிசைக்கு 1, 4, 3, 4, 1 என்று புள்ளி. அதற்குள் நிமிர்ந்த முக்கோணம் ஒன்று, கவிழ்ந்த முக்கோணம் ஒன்று, அவ்வளவுதான் கோலம்.

இரண்டாவது தவறுதான் பெரியது. புள்ளியை நாம் வைத்துக்கொடுத்துவிட்டு, "கோட்ட மட்டும் நீ போடு" என்று சொல்வது. நம் கைக்குப் பழகிய அளவில் நெருக்கி வைப்போம், பொடிக்கு அது சரி. சாக்பீஸ் கோடு தடிமன், பிள்ளையின் கையும் சின்ன இடத்தில் நிதானமாக நகராது. நெருக்கமான புள்ளிகளில் கோடு போட்டால் இரண்டு கோட்டுக்கு நடுவே இடமே இல்லாமல் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் பெரிசாக இருக்கட்டும் என்று முற்றம் முழுக்கப் புள்ளி வைத்துவிடுவோம், பிள்ளை ஒரு கோட்டை முடிக்க மூன்று இடத்தில் நகர்ந்து உட்காரவேண்டி வரும், நகர்ந்த ஒவ்வொரு இடத்திலும் கோடு ஒடியும்.

அளவு பிள்ளையின் கையிலேயே இருக்கிறது. கட்டை விரலையும் சேர்த்து உள்ளங்கையைத் தரையில் படுக்க வைத்தால் ஏறக்குறைய மூன்று அங்குலம் வரும், அதுதான் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே கட்டை விரலை விட்டுவிட்டு நாலு விரல் அகலம் மட்டும். இந்தச் சின்ன வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஒரு வரிசையின் சந்துக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளி வருகிற ஊடுபுள்ளியில் வரிசை இடைவெளி புள்ளி இடைவெளியைவிடக் கொஞ்சம் குறைந்தால்தான் முக்கோணத்தின் மூன்று பக்கமும் ஒரே நீளமாக வரும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் நட்சத்திரம் மேலும் கீழும் இழுத்துப் பிடித்த மாதிரி நெட்டையாக நிற்கும், பிள்ளை கோட்டைத் திரும்பத் திரும்ப அழித்தாலும் அது சரியாகாது. இந்தக் கணக்கில் மொத்தக் கோலமும் ஓரடிக்குள் அடங்கும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கை எட்டும்.

வைக்கும் வரிசையும் மேலிருந்து கீழ் வேண்டாம். உச்சிப் புள்ளி ஒன்றை வைத்துவிட்டு அதற்குக் கீழே நாலு என்றால் எங்கே ஆரம்பிப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. நடு வரிசையின் மூன்று புள்ளியை முதலில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேலே நாலு: மூன்று புள்ளிக்கு நடுவே இருக்கிற இரண்டு சந்துக்கு மேல் ஒவ்வொன்று, அப்புறம் இரண்டு ஓரத்திலும் பாதி தள்ளி வெளியே ஒவ்வொன்று. இந்த இடத்தில் எல்லாப் பிள்ளையும் நேர்மேலே வைக்கத்தான் பார்க்கும், நேர்ப்புள்ளிதான் கண்ணுக்குப் பழக்கம். "சந்துல வையி பிள்ள" என்று அந்த ஒரு வரிசைக்கு மட்டும் கூடவே இருந்து சொன்னால் போதும், கீழ் வரிசை நாலையும் அதுவே வைத்துவிடும். கடைசியாக உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று, இரண்டும் நாலு புள்ளி வரிசைகளின் நடுச் சந்துக்கு நேராக வரவேண்டும்.

கோடு போடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. உச்சிப் புள்ளி, நடுப்புள்ளி, அடிப்புள்ளி மூன்றும் ஒரே நேரில் நிற்கிறதா என்று பிள்ளையை எழுந்து நின்று பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்த்தால் தெரியாத சாய்வு நின்று பார்த்தால் உடனே தெரியும். சாய்ந்திருந்தால் அநேகமாக ஊடுபுள்ளி வரிசை முழுதாக ஒரு பக்கம் தள்ளியிருக்கும். இப்போதே அழித்து வைத்துவிட்டால் அரை நிமிட வேலை.

இப்போது கோடு. உச்சியிலிருந்து வலது பக்கம் சரிந்து இறங்கினால் நாலு புள்ளியைத் தொடும்: உச்சி, இரண்டாம் வரிசையில் உள்பக்கத்து வலதுபுள்ளி, மூன்றாம் வரிசையின் வலது ஓரம், நாலாம் வரிசையின் வலது ஓரம். அங்கிருந்து நாலாம் வரிசை நெடுகப் படுக்கைக் கோடு, அப்புறம் இடது பக்கம் ஏறி உச்சிக்கு. அடுத்து அடிப்புள்ளியிலிருந்து அதே மாதிரி மேல்நோக்கி. நடுப்புள்ளியை ஒரு கோடும் தொடாது, தொட்டிருந்தால் எங்கோ புள்ளி மாறிவிட்டது என்று அர்த்தம். சாய்வுக் கோட்டில் கை தடுமாறத்தான் செய்யும், படுக்கைக் கோடு வந்த பிறகும் சாய்வுக் கோடு வர நாளாகும். அதனால் நாலு புள்ளியையும் ஒரே இழுப்பில் இழுக்கச் சொல்லாமல், ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்கு, நின்று, அடுத்ததற்கு என்று மூன்று துண்டாகப் போடவிடுங்கள். போடுகிறபோது கண் சாக்பீஸ் நுனியைப் பார்க்காமல், போய்ச் சேரவேண்டிய புள்ளியைப் பார்க்கவேண்டும். "எங்க போகணுமோ அங்க பாரு" என்ற ஒரே வார்த்தை, கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவதைவிட நன்றாக வேலை செய்கிறது. கையைப் பிடித்து இழுத்தால் பிள்ளை கையைத் தளர்த்திவிடும், இழுப்பது நம் கைதான், நாம் விட்டதும் பழையபடி.

பிள்ளை கோலத்துக்கு வெளியே உட்காரவேண்டும். பண்டிகை அன்றைக்குப் பட்டுப்பாவாடையோடு உட்கார்ந்தால் ஓரம் பட்டு பாதிக் கோலம் அழியும், வேலை முடிந்து உடுத்திக்கொள்ளலாம்.

தரை விஷயத்தில் பலர் தவறுவதற்குக் காரணம் பொடிக் கோலப் பழக்கம். பொடிக்கு வாசல் தெளித்த ஈரம் வேண்டும், ஈரத்தில்தான் பொடி ஒட்டி நிற்கும். சாக்பீஸுக்கு நேர்மாறு. ஈரத் தரையில் அது வழுக்கும், நுனி குழைந்து மாவாகும், கோடே விழாது. பிள்ளை இன்னும் அழுத்தும், சாக்பீஸ் ஒடியும். தை மாதக் காலையில் தெளிக்காத சிமெண்டுத் தரையில்கூடப் பனி ஈரம் இருக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலம், இல்லை வெயில் ஏறின பிறகு. சாணி மெழுகின தரையும் ஆகாது, சாக்பீஸ் மெழுக்கைச் சுரண்டி எடுத்துக்கொண்டு நுனி அடைத்துக்கொள்ளும். வழவழப்பான டைல்ஸில் கோடு பிடிக்காது. வீட்டு முன்பகுதியான தார்சாவிலோ முற்றத்திலோ கொஞ்சம் சொரசொரப்பான சிமெண்டு தரைதான் சரி. முற்றம் முழுக்க மெழுகியிருந்தால் பிள்ளை தார்சாவில் சாக்பீஸால் போடட்டும், சிறுவீட்டுக்கு முன்னால் பெரியவர்கள் பொடியால் போடலாம்.

அழிப்பதற்கும் காய்ந்த துணிதான். ஈரத்துணியால் துடைத்தால் அந்த இடத்தில் அடுத்த கோடு விழாது. புள்ளி வைக்கும்போது பிள்ளைகள் சாக்பீஸால் தரையைக் குத்தும், குத்தாமல் வைத்து ஒரு சுற்றுத் திருகச் சொன்னால் உருண்டையான புள்ளி விழும், சாக்பீஸும் தப்பிக்கும். எல்லாம் முடிந்த பிறகு கோடு பளிச்சென்று தெரிய வேண்டுமானால் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு மேலே ஒருமுறை இழுக்கலாம். இழுத்தவுடன் மங்கலாகத்தான் இருக்கும், காய்ந்தால் வெள்ளை எடுக்கும். இதை முன்னாலேயே சொல்லிவைக்காவிட்டால் கோடு விழவில்லை என்று நினைத்து மேலே மேலே தீற்றிவிடும்.

நட்சத்திரம் கைக்கு வந்துவிட்டால் சிக்குக் கோலத்துக்குப் போகலாம். அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. "ஏட்டி, கைய எடுக்காம போடு" என்று ஆச்சிமார் சொல்வார்கள். எல்லாச் சிக்குக் கோலமும் ஒரே கோட்டில் முடியாது. மூன்று வரிசையில் மூன்று மூன்றாக நேர்ப்புள்ளி வைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போகிற மாதிரி சுற்றினால் அது மூன்று தனிக் கோடாகத்தான் முடியும். அதில் போய்க் கை எடுக்கக்கூடாது என்றால் பிள்ளை என்ன செய்தும் நடக்காது, தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

ஒரே கோட்டில் முடிகிற சின்னக் கோலங்களில் ஒன்று ஐந்து புள்ளிக் கோலம், 1, 3, 1. இங்கே புள்ளிகள் நேர்ப்புள்ளி, உள்ளங்கை அளவு இடைவெளி. நடுப்புள்ளியின் வலது பக்கத்திலிருந்து தொடங்கி மேல் புள்ளிக்கு இடது பக்கமாக ஏறி, அதைச் சுற்றி வலது பக்கமாக இறங்கி, வந்த கோட்டையே வெட்டி நடுப்புள்ளியின் இடது பக்கம் வரவேண்டும். அங்கிருந்து இடது புள்ளிக்குக் கீழாகப் போய்ச் சுற்றி மேலாகத் திரும்பி, அதே மாதிரி வெட்டி நடுப்புள்ளியின் கீழ்ப் பக்கம். அப்புறம் அடிப்புள்ளி, அப்புறம் வலது புள்ளி, கடைசியில் தொடங்கின இடம். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு வெட்டு, மொத்தம் நாலு வெட்டு. வெட்டு மூன்றுதான் இருக்கிறது என்றால், எங்கோ குறுக்கே போகாமல் கோடு வந்த பக்கமே திரும்பிவிட்டது. எந்த இதழ் என்று பிள்ளையே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். அதற்கு அடுத்து இரண்டு வரிசையில் மூன்று மூன்று புள்ளி வைத்துச் சுற்றினாலும் ஒரே கோட்டில் முடியும். இரண்டுக்கு இரண்டு வைத்தால் இரண்டு கோடு ஆகிவிடும், அங்கே கையை எடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.