மீன்முள் வரைபடத்தை அப்படியே அறிக்கையாக்காதீர்கள்

தேயிலை ஸ்டோர்களில் புதிதாகச் சேரும் உதவியாளர்கள் எழுதும் விசாரணை அறிக்கைகளில், தலையில் விளைவையும் முட்களில் அதன் காரணங்களையும் எழுதும் மீன்முள் வரைபடம் இப்போது இல்லாமல் இருப்பதில்லை. ஆட்கள், இயந்திரம், மூலப்பொருள், முறை, அளவீடு, சூழல் என்று ஆறு பெரிய முட்கள், ஒவ்வொன்றிலும் நாலைந்து சிறு முட்கள். வரைபடம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்கும் பகுப்பாய்வுதான் வருடாவருடம் ஒரே மாதிரிச் சறுக்குகிறது. கோடு கோணலாகப் போவது, ஒரே காரணம் இரண்டு இடத்தில் வருவது எல்லாம் ஒருமுறை சொன்னால் திருந்திவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

பேசுவதற்கு ஒரு உதாரணம் வேண்டும். ஹட்டன் பக்கத்து ஸ்டோர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தென்மேல் பருவமழை பிடித்ததும், டிரையர் வாயில் விழும் தேயிலையின் ஈரப்பதம் வழமையான 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. ஏன் என்று அறிக்கை கேட்கிறார்கள்.

## தலையில் காரணத்தையே எழுதுவது

மீனின் தலையில் "டிரையர் பழுது" என்று எழுதினால் விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. "தரக் குறைவு" என்று எழுதினால் தொடங்கவே இல்லை. அளந்து பார்த்த விளைவு, இடம், காலம் மூன்றும் தலையில் இருக்க வேண்டும்: "ஜூன் முதல் இரண்டு வாரங்களில் டிரையர் வாயில் ஈரப்பதம் 5 சதவீதம், வழமை 3." இவ்வளவு போதும்.

## முட்களை அப்படியே உபதலைப்புகளாக்குவது

அதிகம் செலவு வைக்கும் தவறு இதுதான். வரைபடத்தில் ஆறு முள் என்றால் பகுப்பாய்விலும் ஆறு உபதலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. பார்க்க ஒழுங்காக இருக்கும். படித்து முடித்தால் என்ன நடந்தது என்று யாருக்கும் விளங்காது. "சூழல்: கடும் மழை. மூலப்பொருள்: கொழுந்து ஈரமாக வந்தது. முறை: வாட்டும் தொட்டிகள் குறித்த நேரத்தில் காலி செய்யப்பட்டன. அளவீடு: வாடிய கொழுந்து நிறுக்கப்படவில்லை. இயந்திரம்: டிரையர் போதிய அளவு உலர்த்தவில்லை." கடைசியாக வருவது இயந்திரம் என்பதால் பரிந்துரையும் அதன்மேல் போய் விழுகிறது. இப்படி ஒரு அறிக்கையை நம்பி டிரையரைக் கழற்றிப் பூட்டிய ஸ்டோர் உண்டு. அடுத்த மழைக்கும் அதே ஈரம் வந்தது.

அந்த ஐந்து பந்திகளும் ஒரே கதையின் துண்டுகள். மழையில் கொழுந்தின் மேலேயே தண்ணீர் நிற்கிறது. காற்றிலும் ஈரம் நிறைந்திருப்பதால் வாட்டல் மெதுவாக நடக்கிறது. மறுநாள் கொழுந்து லொறியில் வந்துவிடும் என்பதால், வாடியதா என்று பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் தொட்டியைக் காலி செய்கிறார்கள். அரைகுறையாக வாடியது ரோலருக்கும் பிறகு டிரையருக்கும் போகிறது. மீன்முள், காரணங்களை இனம் பிரித்து அடுக்கத்தான் உதவும். எது எதைத் தள்ளியது என்பதை அது காட்டாது. அதை நாம்தான் போட வேண்டும்.

எப்படி? எழுதத் தொடங்கும் முன் ஒவ்வொரு சிறு முள்ளின் பக்கத்திலும் ஒரு கேள்வி எழுதுங்கள்: இது உண்மையானால் எந்தப் பதிவில் தடம் இருக்கும்? பதிவைப் பார்த்த பிறகு "ஆம்", "இல்லை", "பதிவில்லை" என்று மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். அதுவரை முள்ளில் இருப்பதெல்லாம் வெறும் ஊகம்.

"விறகு ஈரம், சூடு போதவில்லை" என்று ஒரு முள் இருக்கும். டிரையர் பதிவேட்டில் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் வெளியேறும் காற்றின் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். உள்ளே போவதே இறங்கியிருந்தால் அடுப்பும் விறகும் சந்தேகத்துக்குரியவை. உள்ளே போவது வழமைபோல 95 பாகையில் நிற்க, வெளியேறுவது மட்டும் 54 இலிருந்து 49 க்கு விழுந்திருந்தால், வழமையைவிட அதிகத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். கொழுந்தே ஈரமாக வந்திருக்கலாம். அல்லது தடிப்பாகப் போட்டிருக்கலாம். நம் உதாரணத்தில் உள்ளே போகும் சூடு இறங்கவில்லை, வெளியேறுவது மட்டும்தான் விழுந்தது. ஆகவே விறகு முள்ளுக்கு "இல்லை".

இனி, கொழுந்து எவ்வளவு வாடியது? 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 77 கிலோ தண்ணீர் என்று வைத்தால் உலர்பொருள் 23 கிலோ. ஈரம் 55 சதவீதமாகும் வரை வாட்டினால் நிறை 51 கிலோவுக்கு இறங்கும். 62 சதவீதத்திலேயே எடுத்துவிட்டால் 60 கிலோவுக்கு மேல் நிற்கும். ஒரு தொட்டிக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் வித்தியாசம் இது. டிரையருக்கு அது என்ன சுமை? முதல் நிலையில் ஒரு கிலோ உலர்பொருளோடு 1.22 கிலோ தண்ணீர் வரும், இரண்டாவதில் 1.63 கிலோ. அதே நேரத்தில் அதே அளவு தேயிலையை முடிக்க வேண்டுமானால், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தண்ணீரை டிரையர் விரட்ட வேண்டும். டிரையரில் ஒரு பழுதும் இல்லாமலே 5 சதவீதம் வருவது இப்படித்தான்.

இந்தக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. மழை நாளில் கொழுந்தின் மேல் நிற்கும் தண்ணீரும் பச்சை நிறையில் சேரும். அதற்காகக் கழிக்கும் கிலோ கொழுந்துப் புத்தகத்தில் இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் கண் மதிப்பு. (பறித்தவர்கள் அதைப் பற்றிச் சொல்வது வேறு கதை.) அந்த எண் அன்று கொழுந்து ஈரமாக வந்ததற்குச் சாட்சி, எவ்வளவு ஈரம் என்பதற்குச் சாட்சியாகாது. அறிக்கையிலும் அந்த அளவோடு நிறுத்துங்கள்.

நல்ல நாள்களின் பதிவையும் எடுங்கள். ஈரப்பதம் 3 சதவீதமாக இருந்த நாளிலும் வாடிய நிறை 60 கிலோ என்றால் உங்கள் சங்கிலி அறுந்துவிட்டது. வேறு காரணம் தேட வேண்டும். கெட்ட நாள்களின் புத்தகத்தை மட்டும் புரட்டினால் எந்த முள்ளும் உண்மையாகத்தான் தெரியும்.

குறித்து முடித்ததும் "ஆம்" பெற்ற முட்களை, அவை எந்த இனத்தில் இருந்தாலும், எது முந்தி எது பிந்தி என்று அம்புக்குறியால் கோத்துவிடுங்கள். பகுப்பாய்வின் பந்திகள் அந்தச் சங்கிலியின் வரிசையில் போகட்டும். "இல்லை" பெற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பந்தி, ஏன் தள்ளினோம் என்ற எண்ணோடு. "பதிவில்லை" என்பவை, ஆய்வின் எல்லைகளைச் சொல்லும் இடத்துக்கு.

## "போதாது" என்று முடியும் முட்கள்

"பயிற்சி போதாது", "மேற்பார்வை இல்லை", "ஈரமானி இல்லை." இவை தீர்வைத் தலைகீழாக எழுதியவை. வாங்க வேண்டிய பொருளை முன்பே முடிவு செய்துவிட்டு அதற்கு முள் வைப்பது. நடந்ததை எழுதுங்கள்: "தொட்டி காலை 5 மணிக்குக் காலி செய்யப்பட்டது, வாடிய நிறை பார்க்கப்படவில்லை." இதைப் பதிவில் சரிபார்க்கலாம். பயிற்சி போதாது என்பதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

## "ஆட்கள்" முள் மட்டும் கொழுத்திருப்பது

வரைபடம் போட்ட கூட்டத்தில் தொட்டியடியில் வேலை செய்கிறவர்கள் யாரும் உட்காரவில்லை என்று அர்த்தம்.

## வரைபடத்தை எங்கே வைப்பது

பின்னிணைப்பில், குறியிட்ட பிரதியை. பகுப்பாய்வில் வர வேண்டியது அம்புக்குறிச் சங்கிலியும், நல்ல நாள் கெட்ட நாள் இரண்டின் வாடிய நிறையும் வெளியேறும் காற்றின் சூடும் பக்கத்துப் பக்கத்தில் உள்ள சிறு அட்டவணையும். டீமேக்கர் முதலில் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான்.