முதல் எபிசோட் எது? புதியவர்கள் நுழையும் இடத்தைப் பார்த்துத் தொடரை அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூருக்கு வேலைக்கு வரும் தமிழர்களுக்காகத் தமிழ் வழியே பேச்சுக் கன்னடம் சொல்லித்தரும் யூடியூப் தொடர் ஒன்றை என் நண்பர்கள் இருவர் நடத்துகிறார்கள். ஒருவர் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த அக்கா. இன்னொருவர் மதுரையிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் தம்பி. பன்னிரண்டு எபிசோட் போட்ட பிறகு வரிசையை மாற்றலாமா என்ற பேச்சு வந்தது. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல எழுத்தும் ஒலியும் முதலில், நான்-நீ இரண்டாவது, எண்கள் மூன்றாவது, ஆட்டோக்காரரிடம் பேசுவது நான்காவது, காய்கறிக் கடை ஐந்தாவது, வீட்டு ஓனரிடம் பேசுவது ஆறாவது என்று அடுக்கியிருந்தார்கள். புதிதாக வருபவர்கள் அப்படி வரவில்லை. இந்தத் தொடரை வைத்தே சொல்கிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன்.

எல்லோரும் முதலில் செய்யும் தவறு, அதிகம் பேர் எந்த எபிசோட் வழியாக நுழைகிறார்களோ அதையே முதலில் வைத்துவிடுவது. நான்கு வாரக் கணக்கில் வீட்டு ஓனர் எபிசோடுக்கு 2,200 பார்வை. அதில் 2,000 தொடருக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் தேடலில் வந்தவை. ஆட்டோ எபிசோடுக்கு மொத்தம் 1,200, வெளியிலிருந்து 900. "அக்கா, வீட்டு ஓனரையே முதல்ல போட்டுடலாம்" என்றார் தம்பி. வெளியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்பது வாசலின் அகலத்தை மட்டும்தான் சொல்லும். வந்தவர்கள் உள்ளே நடந்தார்களா என்பது வேறு கேள்வி, வரிசையைத் தீர்மானிப்பது அதுதான்.

அதைப் பார்க்க, யூடியூப் ஸ்டூடியோவில் மற்ற எபிசோடுகள் ஒவ்வொன்றின் அனலிட்டிக்ஸையும் திறந்து, பார்வை எங்கிருந்து வந்தது என்று காட்டும் பகுதிக்குப் போக வேண்டும். யூடியூப் பரிந்துரைத்து வந்ததைக் காட்டும் Suggested videos, வீடியோவின் முடிவில் நாம் வைக்கும் இணைப்பு வழியாக வந்ததைக் காட்டும் End screens இரண்டையும் அழுத்தினால் எந்த வீடியோவிலிருந்து வந்தார்கள் என்ற பட்டியல் கிடைக்கும். அதில் நம் தொடரின் எபிசோடுகளை மட்டும் எடுத்து ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள்: இடப்பக்கம் எங்கிருந்து, மேலே எதற்கு. பன்னிரண்டு எபிசோடுக்கு ஒரு மாலை போதும். எழுதி முடித்தபோது வீட்டு ஓனரிலிருந்து தொடரின் வேறு எபிசோடுகளுக்குப் போன பார்வை 110, அதாவது நூற்றுக்கு ஐந்து. ஆட்டோவிலிருந்து போனது 216, நூற்றுக்குப் பதினெட்டு. வகுக்கும்போது வெளியிலிருந்து வந்ததை மட்டும் எடுக்காமல் அந்த எபிசோடின் மொத்தப் பார்வையால் வகுக்க வேண்டும். ஏனென்றால் அடுத்ததற்குப் போனவர்களில், நம் வேறு எபிசோடிலிருந்து அங்கே வந்தவர்களும் இருப்பார்கள், யார் யார் என்று பிரித்துக் காட்டமாட்டார்கள்.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது, பார்த்தால் தவறு மாதிரியே தெரியாது. நாமே போட்டுவைத்த வரிசையைப் பார்வையாளரின் விருப்பம் என்று படிப்பது. எழுத்து எபிசோடுக்கு 700 பார்வை. இரண்டாவது எபிசோடின் கணக்கில் Playlists வழியாக 170 பார்வை இருந்தது. "முதலாவதைப் பார்த்தவர்கள் இரண்டாவதற்குப் போகிறார்கள், வரிசை சரியாகத்தான் இருக்கிறது" என்று அக்கா நினைத்தார். ஆனால் Playlists என்ற இடத்தில் பிளேலிஸ்ட்டின் பெயர்தான் வரும், எந்த வீடியோவுக்குப் பிறகு வந்தார்கள் என்று வராது. முதலாவதிலிருந்து என்று நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம். அப்படியே வந்திருந்தாலும், பிளேலிஸ்ட் தானாக அடுத்த வீடியோவை ஓட்டுகிறது. போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார் என்று எப்படிச் சொல்வது? அந்த 170ஐத் தள்ளிவிட்டுப் பார்த்தால் எழுத்து எபிசோடிலிருந்து தொடரின் மற்ற எபிசோடுகளுக்குப் போன பார்வை 40தான், நூற்றுக்கு ஆறுகூட இல்லை. சும்மா விட்டால் ஓடும் வழியையும், விரல் வைத்துப் போன வழியையும் ஒரே தட்டில் கூட்டவே கூடாது. Suggested videos கணக்கிலும் தானாக ஓடியது கொஞ்சம் கலந்திருக்கும். ஆனாலும் அங்கே அடுத்தது எது என்பதை முடிவு செய்வது நம் பிளேலிஸ்ட் இல்லை.

ஆட்டோவிலிருந்து போன 216ஐப் பிரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆட்டோ எபிசோடின் எண்ட் ஸ்கிரீனில் அடுத்ததாகக் காய்கறிக் கடையைத்தான் வைத்திருந்தார்கள். பிளேலிஸ்ட்டிலும் அதுதான் அடுத்தது. இருந்தும் காய்கறிக்குப் போனவை 50, எண்களுக்குப் போனவை 130. மீதி 36 இங்கும் அங்குமாகச் சிதறியிருந்தது. நாம் கைகாட்டிய திசைக்கு எதிராக, பின்னால் இருக்கும் மூன்றாவது எபிசோடைத் தேடிப் போயிருக்கிறார்கள். இந்த மாதிரி எதிர்த்திசை நடைதான் நம்பத்தக்க சாட்சி. காரணமும் வீடியோவிலேயே இருந்தது. பார்வையாளர் எங்கே நின்றார்கள் என்று காட்டும் ரிட்டென்ஷன் கோட்டைப் பார்த்தால், ஓரிடத்தில் கோடு மேலே முட்டி நின்றது. அங்கே பின்னால் நகர்த்தி மறுபடி கேட்டிருக்கிறார்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். வீடியோவில் அந்த நொடியில் ஓட்டுநர் "நூறைவத்து ஆகுத்தே" என்கிறார். நூற்றைம்பது ஆகும் என்கிறார். தமிழ்க் காதுக்கு 'நூறு' மட்டும் பிடிபடும், பின்னால் வரும் ஐம்பது நழுவிவிடும். காசு விஷயமாயிற்றே, எண்ணைக் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். ஆக ஆட்டோவுக்கு அடுத்தது எண்கள்.

இங்கே உடனே வரும் அடுத்த சறுக்கல், ஜோடிகளைச் சங்கிலியாகக் கோப்பது. ஆட்டோவிலிருந்து எண்களுக்கு நிறையப் பேர், எண்களிலிருந்து காய்கறிக்கு நிறையப் பேர், ஆகவே ஆட்டோ, எண்கள், காய்கறி என்று ஒரே ஆள் நடந்து போகிறார் என்று எழுதிவிடத் தோன்றும். ஸ்டூடியோ தனி ஆளின் பாதையைக் காட்டாது. இரண்டு வீடியோவுக்கு இடையே எத்தனை பார்வை என்பதோடு சரி. எண்களிலிருந்து காய்கறிக்குப் போனவர்கள் எண்களை நேரடியாகத் தேடி வந்த வேறு கூட்டமாக இருக்கலாம். அதனால் கட்டத்திலிருந்து பலமான ஜோடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைப் பாடத்தின் தேவையை வைத்து நிரப்புவதுதான் ஒழுங்கு. காய்கறிக் கடையில் 'பேக்கு', 'பேடா' இரண்டும் வருகின்றன. வேண்டும், வேண்டாம். அதைக் கேட்டபிறகு நான்-நீ எபிசோட் எளிதாக இறங்குகிறது என்பது அக்காவின் கணிப்பு. எண் சொல்லாத இடத்தில் சொல்லித்தருபவரின் அனுபவம் பேசலாம், தப்பில்லை. எது எண், எது அனுபவம் என்று தாளில் பிரித்துக் குறித்து வைத்தால் போதும்.

சரி, வீட்டு ஓனருக்கு வருவோம். நூற்றுக்கு ஐந்துதான் என்றதும் அதைக் கடைசியில் தள்ளிவிடலாம் என்றார்கள். அதுவும் அவசரம். அந்த வீடியோ பதினான்கு நிமிடம். அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் வாக்கியம் ஆறாவது நிமிடத்தில் வருகிறது, அது முடிந்ததும் கோடு சரிகிறது. எண்ட் ஸ்கிரீன் வைக்க முடிவது வீடியோவின் கடைசி 5 முதல் 20 நொடிக்குள்தான். அதுவரை இருந்தவர்களே குறைவு என்றால் அடுத்தது எது என்று காட்டப்பட்டவர்களும் குறைவு. ஆக அந்த நூற்றுக்கு ஐந்தை ஆர்வக்குறைவு என்று படிப்பது சரியில்லை, அழைப்பே அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அந்த ஆறாவது நிமிடத்தில் வேறு எபிசோடுக்கு இணைப்புக் காட்டும் ஒரு கார்டு வைத்து, வாயாலும் ஒரு வரி சொல்லிவிட்டு, அதன்பின் எண்ணிப் பார்க்க வேண்டும். பிளேலிஸ்ட்டில் அதன் இடத்தை மாற்றுவதால் தேடலில் வருபவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, அவர் கண்ணில் பிளேலிஸ்ட்டே படுவதில்லை.

யார் புதியவர் என்பதிலும் குழப்பம் நடக்கிறது. சப்ஸ்கிரைப் செய்யாதவர் எல்லோரும் புதியவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வாரம் தவறாமல் பார்த்துவிட்டு அந்தப் பொத்தானைத் தொடாதவர்கள் எத்தனையோ பேர். Audience பகுதியில் புதிய பார்வையாளர் என்று தனியாகக் காட்டுவதையே பாருங்கள். அப்புறம், எபிசோட் வெளியான முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த நாட்களில் பழைய ஆட்கள்தான் வருவார்கள், அவர்கள் எதை வெளியிட்டாலும் பார்ப்பவர்கள். ஒரு மாதத்துக்கு மேல் பழசான எபிசோடுகளை, எல்லாவற்றுக்கும் ஒரே தேதி எல்லை வைத்து ஒப்பிட வேண்டும். வெளியான நாள் முதல் மொத்தப் பார்வை என்று எடுத்தால் பழைய எபிசோட்தான் எப்போதும் ஜெயிக்கும்.

கடைசியில் அவர்கள் செய்த மாற்றம் சிறியது. ஆட்டோ முதலில், எண்கள் இரண்டாவது, காய்கறி மூன்றாவது, நான்-நீ நான்காவது. எழுத்து எபிசோட் எட்டாவது இடத்துக்குப் போனது, பேருந்துப் பலகை படிப்பதற்குச் சற்று முன்னால். ஆட்டோவின் எண்ட் ஸ்கிரீனில் எண்கள். தலைப்புகளில் இருந்த 'பகுதி 4' போன்றவற்றை எடுத்துவிட்டார்கள். தேடலில் பகுதி நான்கைக் காண்பவர் முதல் மூன்றையும் பார்த்தாக வேண்டுமோ என்று தயங்குவார், வரிசை மாறும்போது எண்ணும் பொய்யாகிவிடும். தலைப்பை மாற்றினால் போதும். அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். முகவரி மாறிவிடும், வாட்ஸாப் குழுக்களில் சுற்றும் பழைய இணைப்பு செத்துப்போகும், தேடலில் சேர்த்த இடமும் போய்விடும்.

நான்கு வாரம் கழித்து, ஆட்டோவிலிருந்து போனவை நூற்றுக்குப் பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு ஆயின. ஆயிரத்துச் சொச்சம் பார்வையில் இந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ள முடியாது. நூறு பார்வை மட்டும் வரும் எபிசோடில் இதே பதினெட்டும் இருபத்து நான்கும் வந்தால் அதை வைத்து எதையும் நகர்த்தக் கூடாது, ஆறு பேர் ஒரு விடுமுறை நாளில் கூடுதலாகப் பார்த்தாலே அப்படி வரும். இன்னொன்றையும் அவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள்: மாற்றம் செய்தது மே மாதக் கடைசியில். ஜூனில் கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் கூட்டமாக ஊருக்குள் வருகிறார்கள், அவர்களுக்கு ஆட்டோவும் எண்ணும் அன்றன்றைக்கே வேண்டும். வரிசையை மாற்றியதால் எவ்வளவு, வந்த ஆட்களால் எவ்வளவு என்று இந்த ஒரு மாதத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதனால் செப்டம்பர் வரை வேறு எதையும் தொடாமல் விட்டு, அந்த மாதத்துக்கும் இதே கட்டத்தைப் போடுவதாக முடிவு செய்திருக்கிறார்கள்.