கெஸ்ட் கீ கார்டைத் தொலைத்துவிட்டால்: புதிதாக ரிசப்ஷனுக்கு வந்தவர்களுக்கு ஒரு செய்முறை

எழும்பூர் கென்னட் லேன் பக்கம் 28 அறை உள்ள ஒரு ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் பார்க்கிறேன். இதற்கு முன்னால் வேறொரு லாட்ஜில் இருந்தபோது நடந்தது இது. ராத்திரி ஒரு கெஸ்ட் வந்து கார்டு தொலைந்துபோச்சு என்றார். நானும் மளமளவென்று இன்னொரு கார்டு போட்டுக் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் ஓர் ஆட்டோக்காரர் வந்து, "பின் சீட்ல கிடந்துச்சு சார்" என்று பழைய கார்டைக் கொடுத்தார். கெஸ்ட்டும் அங்கேயே நின்றார். இருவரும் மேலே போனோம். அந்தக் கார்டைச் சும்மா கதவில் வைத்துப் பார்த்தேன். பச்சை விளக்கு. கதவு திறந்துகொண்டது. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

புதுக் கார்டு போட்டால் பழையது தானாகச் செத்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். புதிதாகச் சேருகிற பையன்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் முதலில் கதவு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம்.

கதவுக்கு ரிசப்ஷன் என்று ஒன்று இருப்பதே தெரியாது

நம்மைப் போன்ற சின்ன ஹோட்டல்களில் இருக்கும் கார்டு லாக்குகள் பெரும்பாலும் பேட்டரியில் ஓடுபவை. கீழே இருக்கும் கம்ப்யூட்டருக்கும் கதவுக்கும் நடுவில் ஒயரும் கிடையாது, வைஃபையும் கிடையாது. நீங்கள் என்கோடர் மேல் கார்டை வைத்து எழுதுகிற தகவல்தான் ஒரே தபால்: எந்த அறை, எப்போதிலிருந்து, எப்போதுவரை, இது எத்தனையாவது கெஸ்ட்டுக்கான கார்டு. அந்தத் தபாலை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போவது கெஸ்ட்.

ஒரு புதிய கெஸ்ட்டின் கார்டைக் கதவில் வைத்ததும், "சரி, அடுத்த ஆள் வந்துவிட்டார்" என்று லாக் புரிந்துகொண்டு, பழைய ஆளின் கார்டுகளை எல்லாம் மறுக்கத் தொடங்கும். அந்தப் புதுக் கார்டு கதவைத் தொடும்வரை பழைய கார்டு உயிரோடுதான் இருக்கும். கீழே மேஜையில் நீங்கள் என்ன செய்தாலும் சரி.

இரண்டாவது சங்கதி மென்பொருளில் இருக்கிறது. பெரும்பாலான திரைகளில் இரண்டு பட்டன் இருக்கும்: `New` என்று ஒன்று, `Duplicate` அல்லது `Copy` என்று ஒன்று. முதலாவது, பழையதை ரத்து செய்யும் கார்டைப் போடும். இரண்டாவது, இருக்கும் கார்டுக்கு இரட்டைப் பிள்ளை போடும்; எதையும் ரத்து செய்யாது. அன்று ராத்திரி நான் அமுக்கியது இரண்டாவதை.

ஆகவே, மனைவிக்கு இன்னொரு கார்டு வேண்டும், கார்டு வளைந்துபோய் வேலை செய்யவில்லை, அதாவது பழையது உங்கள் கையில் இருக்கிறது என்றால் `Duplicate`. கார்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்றால் எப்போதும் `New`.

படி 1: கேட்பவர் யார்?

கார்டு போடுவதற்கு முன்னால் இது. "304 கார்த்திக் சார்தானே?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "ஆமா" என்று சொல்லிவிடுவார். பெயரை அவர் சொல்ல வேண்டும். "சார், உங்க பேரும் ரூம் நம்பரும் சொல்லுங்க, என்னிக்கு வந்தீங்க?" என்று கேளுங்கள். செக்-இன் படிவத்தில் இருக்கும் மொபைல் நம்பரின் கடைசி நான்கு எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அடையாள அட்டை.

அட்டை அறைக்குள் இருக்கிறது என்பார்கள், அது நியாயம்தான். அப்போது கூடவே போங்கள். நீங்கள் கதவைத் திறந்து, வாசலில் நின்று, அவர் உள்ளே போய் அட்டையை எடுத்துக் காட்டிய பிறகே கார்டைக் கையில் கொடுங்கள்.

"நான் அவரோட தம்பி, அண்ணன்தான் அனுப்பினாரு" என்று வருபவர் உண்மையிலேயே தம்பியாக இருக்கலாம். படிவத்தில் அவர் பெயர் இல்லை என்றால், படிவத்தில் இருக்கும் நம்பருக்கு நீங்களே போன் போட வேண்டும். அவர் தன் மொபைலில் போட்டு நீட்டும் போனை வாங்கிப் பேசக் கூடாது. அண்ணன் எடுக்கவில்லையா? தம்பிக்கு லாபி சோபாவில் ஒரு காபி கொடுங்கள், அறையைத் திறக்காதீர்கள். கோபப்படுவார். பரவாயில்லை.

படி 2: அந்த அறைக்கு எத்தனை கார்டு வெளியே இருக்கிறது?

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் குழப்பம் இங்கேதான் வரும். 304-இல் கணவன் மனைவி, ஆளுக்கொரு கார்டு. கணவர் தொலைத்தார். நீங்கள் `New` போட்டு அவரிடம் கொடுத்தால், அவர் கதவில் வைத்த கணமே மனைவியின் கார்டும் செத்துவிடும். அந்த அம்மா தி.நகரில் புடவை எடுத்துவிட்டுக் கை நிறையப் பையோடு வந்து, கதவு சிவப்பு காட்டுகிறது என்று உங்களிடம்தான் வந்து நிற்பார்.

அதனால் இரண்டு வெற்றுக் கார்டை எடுங்கள். முதலாவதை `New`, அது முடிந்த கையோடு இரண்டாவதை `Duplicate`. இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் நகல் எடுத்தால் அது செத்துப்போகிற கார்டின் நகலாகிவிடும்.

போடும்போது செக்-அவுட் நேரத்தையும் ஒரு முறை பாருங்கள். எழும்பூர்ப் பக்கம் பல இடங்களில் 24 மணி நேரச் செக்-அவுட். விடிகாலை 5 மணிக்கு ரயிலில் வந்து இறங்கியவருக்கு மறுநாள் காலை 5 மணியோடு முடியும். மென்பொருளோ பழக்கதோஷத்தில் பகல் 12 மணி என்றே போட்டு வைத்திருக்கும்.

படி 3: கதவுவரை நடக்க வேண்டும்

"புதுக் கார்டு இந்தாங்க சார்" என்று மேஜையிலேயே முடித்துவிடாதீர்கள். அவர் சாப்பிடப் போய்விட்டால், இரண்டு மணி நேரம் கழித்துக் கதவைத் தொடும்வரை தொலைந்த கார்டு அறையைத் திறந்துகொண்டிருக்கும்.

கெஸ்ட்டோடு மேலே போங்கள். உள்ளே ஆள் இருந்தால் தட்டித் திறக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் பல லாக்குகள் கெஸ்ட் கார்டை ஏற்காது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சோதிப்பது நல்ல பழக்கம். தவறு நடந்தாலும் யாரும் வெளியே மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

முதலில் `New` கார்டை வையுங்கள். பச்சை. அடுத்து `Duplicate`. பச்சை. இப்போது மனைவியிடம் இருக்கும் பழைய கார்டை வாங்கி வையுங்கள். சிவப்பு எரிய வேண்டும். தொலைந்த கார்டு உங்கள் கையில் இல்லை, அதைச் சோதிக்க முடியாது. ஆனால் இது அதன் இரட்டை. இது சிவப்பு காட்டினால் ஆட்டோவில் கிடக்கும் அதுவும் சிவப்புதான் காட்டும். பழைய கார்டு பச்சை காட்டினால் நீங்கள் அமுக்கியது தவறான பட்டன். கீழே இறங்கி மறுபடி ஆரம்பியுங்கள்.

அறைக்கு ஒரே கார்டுதான் இருந்தது என்றால் இந்தச் சோதனை செய்ய வழியில்லை. அப்போது எந்தப் பட்டன் அமுக்கினோம் என்பதைத் திரையில் இருக்கும் பதிவில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுக் கார்டே சிவப்பு காட்டினால்

அவசரப்பட்டுக் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். ஹவுஸ்கீப்பிங் மாஸ்டர் கார்டை வைத்துப் பாருங்கள். விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது. மாஸ்டர் திறக்கிறது, ஆனால் புதிதாகப் போட்ட கெஸ்ட் கார்டு எல்லாமே சிவப்பு என்றால், பெரும்பாலும் லாக்கின் கடிகாரம் பிசகியிருக்கும். யாரோ பேட்டரி மாற்றிவிட்டு நேரம் வைக்க மறந்திருப்பார்கள். கடிகாரம் பின்தங்கிய லாக்குக்கு நீங்கள் இப்போது போட்ட கார்டு "நாளைக்கு வா" என்று சொல்ல வேண்டிய கார்டு. கையடக்கக் கருவியிலோ நேரம் வைக்கும் கார்டிலோ சரிசெய்யலாம். பேட்டரி மாற்றிய தேதியைக் கதவின் உள்பக்க ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டி எழுதுங்கள், பாதிப் புதிர் அங்கேயே விடுபடும்.

கார்டு எங்கேதான் போகிறது?

நம்மூர் வெயிலில் பெரும்பாலும் ஏ.சி. ஸ்லாட்டுக்குள். வெளியே போகும்போதும் அறை குளிர்ந்திருக்க வேண்டும் என்று "இன்னொரு கார்டு குடுங்க" என்பார்கள். அந்த இரண்டாவது கார்டு ஸ்லாட்டிலேயே கிடந்து, செக்-அவுட்டில் யார் நினைவுக்கும் வராது. எங்கள் ஸ்லாட் எந்தக் கார்டை வைத்தாலும் வேலை செய்யும் வகை. அதனால் கேட்பவர்களுக்கு எதுவும் எழுதாத வெற்றுக் கார்டு ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன். கரண்ட் பில் பார்த்து முதலாளி முணுமுணுப்பார். கதவைத் திறக்கும் கார்டு ஒன்று கணக்கில்லாமல் திரிவதைவிட அது மேல்.

கார்டின் மேல் ரூம் நம்பர் எழுதக் கூடாது. உறையில் எழுதலாம், ஆனால் "உறையை ரூமிலேயே வெச்சிட்டுப் போங்க சார்" என்று சொல்லுங்கள். ஆட்டோவில் கிடந்த என் கார்டு, உறையோடுதான் கிடந்தது.

தொலைத்தால் 200 ரூபாய் என்று முன்பு வாங்கிக்கொண்டிருந்தோம், நிறுத்திவிட்டேன். அபராதத்துக்குப் பயந்து, கணவரின் கார்டிலேயே ஓட்டிவிட்டு செக்-அவுட் அன்றுதான் சொல்கிறார்கள். நமக்குத் தெரிய வேண்டியது தொலைந்த அந்த நிமிஷம்.

மாஸ்டர் கார்டு தொலைந்தால்

இது வேறு அளவு. ரூம் பாய் சாயந்திரம் கார்டைத் திருப்பித் தரவில்லை என்று இரவு ஷிப்டுக்குத் தெரிய வேண்டுமானால், எடுத்த நேரம், கொடுத்த நேரம், கையெழுத்து உள்ள ரிஜிஸ்டர் இருக்க வேண்டும். தொலைந்தது உறுதியானால் மேலாளரை எழுப்புங்கள். எங்கள் லாக்கில் புது மாஸ்டரை ஒவ்வொரு கதவிலும் தொட்டால்தான் பழையது அந்தக் கதவில் சாகும். சில லாக்குகளில் இதற்கென்றே தனியாக ரத்துக் கார்டு உண்டு. எதுவாயினும் எல்லாக் கதவுக்கும் நடந்தே ஆக வேண்டும். அறைப் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் போடுங்கள். 27 கதவு முடித்து ஒன்றை விட்டால், அந்த ஒன்று திறந்தே கிடக்கிறது. ஆள் இருக்கும் அறையில் தட்டி, காரணம் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

கடைசியாக ரிஜிஸ்டர். "304 கார்டு மாற்றப்பட்டது" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. நான் எழுதச் சொல்வது இப்படி:

> இரவு 11.40. அறை 304. கார்டு 1 தொலைந்ததாகக் கெஸ்ட் தகவல். படிவம், ஓட்டுநர் உரிமம் சரிபார்த்தேன். New 1, Duplicate 1. 11.52-க்குக் கதவில் இரண்டும் பச்சை, பழைய கார்டு சிவப்பு. பழைய கார்டு திரும்பப் பெற்றேன். வெளியே உள்ளது: 2.