வாண்ட்ஸ் ராணியை உங்கள் சீட்டாக வைத்து வாசிப்பது எப்படி: புதிய உறவும் தன்னம்பிக்கையும்

டாரட் வாசிப்பில் கேள்வி கேட்பவரைக் குறிப்பதற்காக முன்கூட்டியே தெரிந்தெடுக்கும் சீட்டைச் சிக்னிஃபிகேட்டர் என்பார்கள். நான் அதை 'என் சீட்டு' என்றே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கிய ஓர் உறவில் எனக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பதற்காக வாண்ட்ஸ் ராணியை என் சீட்டாக வைத்து, பல தடவை பிழையாக வாசித்த பிறகே கீழ்வரும் முறைக்கு வந்து சேர்ந்தேன். 78 சீட்டுகளும் உங்களிடம் இருக்கின்றன, அவற்றின் பொதுவான பொருளும் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தக் கட்டு என்று கேட்டால், 1909 இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து வெளிவந்த ரைடர் கட்டையே சொல்வேன். இந்த முறையில் ராணியின் படத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருப்பதால், அலங்காரத்துக்காக அவரை மாற்றி வரைந்த புதிய கட்டுகள் எனக்குப் பயன்படவில்லை. கல்லடிப் பக்கத்துக் கடற்காற்றில் மெல்லிய அட்டை விரைவில் ஊதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், மினுக்கப் பூச்சுள்ள தடித்த அட்டையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதலில், இந்த ராணி உங்கள் சீட்டுத்தானா என்று பாருங்கள். இந்தக் கட்டை உருவாக்கிய வெயிட் சொன்ன பழைய விதி தலைமயிரையும் கண்ணின் நிறத்தையும் வைத்தே சீட்டைத் தெரிகிறது. பொன்னிற மயிரும் நீலக் கண்ணும் உள்ளவர்களுக்கு வாண்ட்ஸ், கறுத்த மயிரும் கறுத்த கண்ணும் உள்ளவர்களுக்குப் பென்டக்கிள்ஸ் என்று போகும் அந்தக் கணக்கின்படி, மட்டக்களப்பில் ஏறத்தாழ எல்லோரும் பென்டக்கிள்ஸ்தான். ராணியாவதற்குப் பெண்ணுக்கு 40 வயது தாண்டியிருக்கவும் வேண்டும். ஆயினும் ஒருவரின் குணம் தெரிந்தால் அதைக் கொண்டும் சீட்டைத் தெரியலாம் என்று அவரே இடம் விட்டிருப்பதால், நான் குணத்தை மட்டுமே பார்க்கிறேன்.

நான்கு ராணிகளையும் அருகருகே வையுங்கள். கப்ஸ் ராணி மூடியிட்ட கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஸ்வோர்ட்ஸ் ராணி வாளை உயர்த்தியபடி மற்றக் கையை முன்னே நீட்டியிருக்கிறார். பென்டக்கிள்ஸ் ராணி மடியிலுள்ள நாணயத்தை நோக்கிக் குனிந்திருக்கிறார். வாண்ட்ஸ் ராணி மட்டுமே ஒரு கையில் கோலும் மறு கையில் சூரியகாந்தியுமாக, எதையும் மறைக்காமல் முன்பக்கம் திரும்பி அமர்ந்திருக்கிறார். அவர் காலடியில் ஒரு கறுப்புப் பூனை நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறது. கறுப்புப் பூனை குறுக்கே போனால் சகுனத் தடை என்று பழகிய நமக்கு அது சற்று உறுத்தலாம், ஆனால் இங்கே அதைத் தீச்சகுனமாக வாசிப்பதில்லை. ராணி வெளிச்சத்தில் காட்டுகிற துணிவுக்குப் பின்னால் பேசாமல் காவலிருக்கும் எச்சரிக்கை உணர்வாகவே அதைக் கொள்கிறேன். நீங்கள் உள்ளபடி இப்படி இருப்பவரா, இப்படி இருக்க ஆசைப்படுபவரா என்பதை இந்த இடத்தில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ஆசை மட்டும்தான் என்றால் வேறு ராணியை எடுப்பதே நல்லது.

அடுத்தது கேள்வி. "அவர் என்னை விட்டுப் போவாரா" என்பது அவருடைய மனதைப் பற்றிய கேள்வி. உங்களைக் குறிக்கும் சீட்டால் அதற்கு விடை சொல்ல முடியாது. "இந்த உறவில் என் தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது, அதை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன்" என்று கேளுங்கள். ராணிக்கு முன்னால் வரும் சீட்டு முதற்பாதிக்கும், பின்னால் வருவது இரண்டாம் பாதிக்கும் விடை என்பதைச் சீட்டைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நான் நெடுநாள் தடுமாறியது இதற்குப் பிறகுதான். வழமைப்படி ராணியைக் கட்டிலிருந்து எடுத்து மேசை நடுவில் வைத்து, சுற்றிலும் பத்துச் சீட்டுகளைப் பரப்பினேன். வேலை, வீடு, அவருடைய குடும்பம் என்று எல்லாவற்றையும் பற்றிச் சீட்டுகள் பேசின, தன்னம்பிக்கையைப் பற்றி மட்டும் ஒன்றும் வரவில்லை. ராணியை நானே நிமிர்த்தி வைத்துவிட்டதால் அவர் தலைகீழாக வரும் வாய்ப்பையும், யாருக்குப் பக்கத்தில் வருகிறார் என்பதையும் நானே அழித்துவிட்டிருந்தேன். ஆகவே ராணியைப் பார்த்து முடித்ததும் கட்டுக்குள்ளேயே திருப்பி வையுங்கள். கட்டை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்து, நன்றாகக் கலையுங்கள்.

கலைத்த கட்டைக் கவிழ்த்து வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, முகம் தெரிய ஒரே குவியலாக அடுக்கிக்கொண்டு வாருங்கள். புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோலச் சீட்டைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். கீழ் விளிம்பைப் பிடித்து மேல்நோக்கிப் புரட்டினால் நிமிர்ந்தது தலைகீழாகிவிடும். ராணி வந்ததும் நிறுத்துங்கள். குவியலில் அவருக்கு நேர்கீழே இருப்பது முன் சீட்டு, கையிலுள்ள கட்டிலிருந்து அடுத்ததாக எடுப்பது பின் சீட்டு. அவசரத்தில் முழுக் கட்டையும் ஒரேயடியாக நிமிர்த்தி ராணியைத் தேடினால் அடியிலிருந்த சீட்டு முதலில் வந்து, வரிசை தலைமாறி, முன் சீட்டும் பின் சீட்டும் இடம் மாறிவிடும். ஒரு மாதம் முழுவதும் நான் அப்படித்தான் வாசித்தேன்.

களுவாஞ்சிக்குடியிலுள்ள என் மச்சாள் ஒருத்திக்கு வாசித்ததை உதாரணமாகச் சொல்கிறேன். மேடையில் தயங்காமல் பேசுகிறவள். மூன்று மாதமாக அம்பாறையில் வேலை பார்க்கும் ஒருவரோடு பழகிவந்தாள். ராணி நிமிர்ந்தே வந்தார். முன் சீட்டு வாண்ட்ஸ் ஆறு, பின் சீட்டு பென்டக்கிள்ஸ் நான்கு. வாண்ட்ஸ் ஆறில் வெற்றி மாலையோடு குதிரையில் வருபவரைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். அவளுடைய துணிவு பிறர் பாராட்டிலிருந்து வருகிறது. பென்டக்கிள்ஸ் நான்கில் இருப்பவர் ஒரு நாணயத்தைத் தலையிலுள்ள கிரீடத்தின் மேலும், ஒன்றை நெஞ்சோடு அணைத்தும், இரண்டைப் பாதங்களின் கீழும் வைத்திருக்கிறார்; எழுந்தால் எல்லாம் விழும். பாராட்டுவதற்குக் கூட்டமில்லாத இருவர் உறவில், அவள் அந்தத் துணிவை இறுகப் பிடித்துக்கொள்ளும் வேலைக்கே செலவிடுகிறாள் என்று வாசித்தேன். "மச்சாள், இது நானில்லையே" என்றாள். அவர் வட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தார் என்பதை ஒரு நாளைக்கு எத்தனை தரம் பார்க்கிறாய் என்று கேட்டதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள்.

பின்சேர்க்கை: முதற் பதிவில் விட்டுப்போன இரண்டை வாசகர்கள் கேட்டிருந்தார்கள். ராணி முதற் சீட்டாகவே வந்தால், கையிலுள்ள கட்டின் அடிச் சீட்டை முன் சீட்டாகக் கொள்ளுங்கள். கடைசிச் சீட்டாக வந்தால், குவியலின் அடியில் கிடப்பதைப் பின் சீட்டாகக் கொள்ளுங்கள். ராணி தலைகீழாக வந்தால் தன்னம்பிக்கையே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வெயிட் தலைகீழ் ராணிக்குச் சிக்கனம், உதவும் குணம் ஆகியவற்றைத்தான் முதலில் சொல்கிறார். பொறாமையையும் வஞ்சகத்தையும் அயலிலுள்ள சீட்டுகள் அந்தப் பக்கம் சாய்ந்தால் மட்டுமே சேர்க்கிறார். ஆகவே தலைகீழ் ராணி வரும்போது இரு பக்கத்துச் சீட்டுகளையும் வாசித்துவிட்டு, அவரைக் கடைசியாக வாசிக்கிறேன்.