முன்கதை உள்ள தொடரை எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்குவது?

ஒரு தொடரில் ஏழெட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. எழுத்தாளர் நான்கைந்து எழுதி முடித்த பிறகு, "இதற்கெல்லாம் முன்னால் என்ன நடந்தது தெரியுமா?" என்று ஒரு முன்கதையையும் எழுதிவிடுகிறார். இப்போது புதிதாகப் படிக்க வருபவருக்கு இரண்டு வழிகள். புத்தகங்கள் வெளியான வரிசையில் படிக்கலாம், அல்லது கதைக்குள் சம்பவங்கள் நடக்கும் வரிசையில் படிக்கலாம். எது சரி என்று எல்லாத் தொடருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் எந்தத் தொடரை எடுத்தாலும் பத்து நிமிடத்தில் நீங்களே முடிவு செய்துகொள்ள ஒரு வழி உண்டு. இரண்டு தொடர்களை வைத்து அதைச் செய்து காட்டுகிறேன். ஒன்று ஆங்கிலம், மற்றொன்று நம் கல்கி.

படி 1: முதுகில் இருக்கும் எண்ணை ஒதுக்கிவிட்டு, வெளியான ஆண்டைத் தேடுங்கள்

அக்கா மகள் போன கோடை விடுமுறைக்கு அஸ்தம்பட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி.எஸ். லூயிஸ் எழுதிய கதைகளின் பாக்ஸ் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏழு புத்தகம், முதுகில் 1 முதல் 7 வரை எண். "மாமா, ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சிரட்டுமா?" என்றாள். "ரெண்டுல இருந்து ஆரம்பிம்மா" என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

அந்த எண்கள் கதை வரிசைப்படி பதிப்பகம் போட்டவை. லூயிஸ் எழுதி வெளியிட்ட வரிசை வேறு. அதைத் தெரிந்துகொள்ளத் தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் பதிப்பு விவரத்தைப் பாருங்கள். பல ஆண்டுகள் அச்சாகியிருந்தால் மிகப் பழைய ஆண்டுதான் நமக்கு வேண்டியது. கையிலிருக்கும் பிரதி எப்போது அச்சானது என்பது இங்கே உதவாது.

தமிழ் நாவல்களில் இந்த இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை என்பதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஒவ்வொருவரும் "முதற் பதிப்பு" என்று தங்கள் ஆண்டை அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பினால் வரிசை தலைகீழாகிவிடும். பத்திரிகையில் தொடராக வந்த ஆண்டு முன்னுரையிலோ பின்னட்டையிலோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 2: இரண்டு பட்டியல் எழுதி, இடம் மாறியதை மட்டும் குறியுங்கள்

ஒரு தாளை இரண்டாகப் பிரித்து இடது பக்கம் வெளியான வரிசையை எழுதுங்கள். நார்னியாவுக்கு அது இப்படி வரும்:

1950 – தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்
1951 – பிரின்ஸ் காஸ்பியன்
1952 – தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்
1953 – தி சில்வர் சேர்
1954 – தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்
1955 – தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ
1956 – தி லாஸ்ட் பேட்டில்

வலது பக்கம் கதை வரிசை. எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும்: ஏழு புத்தகமும் கலைந்துபோவதில்லை. 1955-இல் வந்த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ முதலிடத்துக்குப் போகிறது. 1954-இல் வந்த ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய், 1950 புத்தகத்துக்கு அடுத்து மூன்றாவதாக வருகிறது. மற்ற ஐந்தும் தங்களுக்குள் அதே வரிசையில்தான் இருக்கின்றன. ஆக, பெரிய குழப்பமாகத் தெரிந்தது இரண்டே புத்தகங்களைப் பற்றிய கேள்வியாகச் சுருங்கிவிட்டது. பெரும்பாலான தொடர்களில் இப்படித்தான் இருக்கும்.

படி 3: இடம் மாறிய புத்தகத்திடம் இரண்டு கேள்வி கேளுங்கள்

இந்தப் படிதான் முக்கியம், கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள்.

முதல் கேள்வி: முன்கதையின் தொடக்கப் பக்கங்கள் உங்களுக்கு என்ன தெரியும் என்று எடுத்துக்கொள்கின்றன? மெஜிஷியன்ஸ் நெஃப்யூவின் முதல் பத்தியைத் திறங்கள். நம் உலகத்துக்கும் நார்னியாவுக்கும் இடையே போக்குவரத்து எப்படித் தொடங்கியது என்று காட்டுவதால் இது மிக முக்கியமான கதை என்கிறார் லூயிஸ். நார்னியா என்றால் என்ன என்று அங்கே சொல்லவில்லை. வாசகருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார். தெரியாதவருக்கு அந்த "முக்கியம்" வெறும் வார்த்தை.

இரண்டாம் கேள்வி: முதலில் வெளியான புத்தகம் உங்களுக்கு என்ன தெரியாது என்று எடுத்துக்கொள்கிறது? 1950 புத்தகத்தில் குழந்தைகள் அஸ்லான் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்கும் இடத்துக்குப் போங்கள். அஸ்லான் யாரென்று உங்களுக்குத் தெரியாதது போலவே அந்தக் குழந்தைகளுக்கும் தெரியாது என்று கதைசொல்லி நம்மைப் பார்த்தே சொல்கிறார். முன்கதையை முதலில் படித்தவருக்கு இந்த வரி பொய்யாகிவிடும். அவருக்கு அஸ்லானை நன்றாகவே தெரியும்.

அந்த விளக்குக் கம்பத்தையும் பாருங்கள். லூசி என்ற சிறுமி ஒரு அலமாரிக்குள் நுழைகிறாள். தொங்கும் கோட்டுகளை விலக்கிக்கொண்டு போனால் காலடியில் பனி, சுற்றிலும் காடு. அந்தக் காட்டின் நடுவில் தெருவிளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. நடுக்காட்டில் தெருவிளக்கு எப்படி வந்தது? அந்தக் கேள்வியோடு ஐந்து புத்தகம் கடந்து வந்தவருக்கு மெஜிஷியன்ஸ் நெஃப்யூ பதில் சொல்லும்போது ஒரு சிலிர்ப்பு வரும். பதிலை முதலில் படித்தவர் லூசியோடு அந்தப் பனியில் நிற்கும்போது, "ஓ, அந்தக் கம்பம்" என்று நினைத்துவிட்டுப் போய்விடுவார். கேள்வியே எழாதவருக்குப் பதிலால் என்ன பயன்?

இரண்டு கேள்விக்கும் விடை ஒரே பக்கம் சாய்ந்தால் முடிவு எளிது. நார்னியாவை முதல் தடவை வெளியான வரிசையில்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். லூயிஸே 1957-இல் ஒரு அமெரிக்கச் சிறுவனுக்கு எழுதிய கடிதத்தில் கதை வரிசைதான் தனக்கும் பிடிக்கிறது என்ற பொருளில் சொல்லியிருக்கிறார், அது உண்மைதான். அதே கடிதத்தில், எந்த வரிசையில் படித்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார். அந்தச் சிறுவன் ஏற்கெனவே நார்னியாவுக்குள் போய்வந்தவன். நாம் இங்கே பேசுவது இன்னும் உள்ளே போகாதவரைப் பற்றி.

ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய் அவ்வளவு கண்டிப்பானது இல்லை. முதல் புத்தகத்துக் குழந்தைகள் அரசர்களாக ஆண்ட காலத்தில் நடக்கும் கதை அது. ஆகவே அந்த முதல் புத்தகம் முடிந்திருந்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனாலும் ஐந்தாவதாகவே விடச் சொல்வேன். அதற்கு முந்தைய சில்வர் சேரில், அரண்மனை விருந்துக்குப் பிறகு கண்பார்வையற்ற ஒரு கவிஞர் இந்தக் கதையைத்தான் பாடுகிறார். பழங்கதையாகக் காதில் விழுந்ததை அடுத்த புத்தகத்தில் முழுதாகப் படிப்பது தனி ருசி.

அக்கா மகள் அந்த வாரம் ஏற்காட்டுக்குப் போகிறவள். மலைக்கு மேலே போய்ப் புத்தகம் மாற்றிக்கொள்ள முடியாதே என்று, எண் 2, 4 இரண்டையும் பையில் வைத்து அனுப்பினேன். வெளியான வரிசையில் அவைதான் முதல் இரண்டு. பயணத்துக்குப் புத்தகம் எடுக்கும்போது முதுகு எண்ணைப் பார்க்காமல் உங்கள் தாளைப் பாருங்கள்.

படி 4: விடை எதிர்ப்பக்கம் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்

இப்போது கல்கி. "பார்த்திபன் கனவு" 1941 முதல் 1943 வரை தொடராக வந்தது, மூன்று பாகம். "சிவகாமியின் சபதம்" 1944 முதல் 1946 வரை வந்தது, நான்கு பாகம். பின்னால் எழுதிய சபதத்தின் கதைதான் முன்னால் நடக்கிறது. பல்லவ இளவரசராக நாம் அங்கே பார்க்கும் நரசிம்மவர்மர், பார்த்திபன் கனவில் முதிர்ந்த சக்கரவர்த்தி. ஆக, சபதம் ஒரு முன்கதை.

அதே இரண்டு கேள்வியைக் கேட்போம். சபதத்தின் தொடக்கத்தில் பரஞ்சோதி என்ற கிராமத்து வாலிபன் ஒரு புத்த பிக்ஷுவோடு காஞ்சி மாநகரை நோக்கி நடந்து வருகிறான். அவனுக்கு ஊரும் புதிது, ராஜாங்கமும் புதிது. அவன் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்ளும்போதுதான் நாமும் தெரிந்துகொள்கிறோம். முந்தைய நாவலைப் படித்திருக்க வேண்டும் என்று கல்கி எதிர்பார்க்கவே இல்லை. முதல் கேள்வியிலேயே நார்னியாவுக்கு நேர்மாறான விடை.

இரண்டாவது, எது எதை உடைக்கிறது என்று பாருங்கள். பார்த்திபன் கனவில் சக்கரவர்த்தியின் குடும்பத்தைப் பார்த்த கணமே, சபதத்தின் மிகப் பெரிய கேள்விக்கு விடை கிடைத்துவிடும். நான்கு பாகம் முழுக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய கேள்வி அது. மறுபுறம், பார்த்திபன் கனவின் ரகசியம் ஒரு சிவனடியாரைச் சுற்றியது. சபதம் அதை வெளியே சொல்வதில்லை. கூர்மையான வாசகர் கொஞ்சம் சீக்கிரம் ஊகிக்கக்கூடும், அவ்வளவுதான்.

அதனால் இங்கே கதை வரிசைக்கே என் ஓட்டு: முதலில் சிவகாமியின் சபதம், அப்புறம் பார்த்திபன் கனவு. நான்கு பாகத்தைப் பார்த்து மலைக்கிறவர்கள் சின்னதாகப் பார்த்திபன் கனவில் தொடங்கினால் கதை புரியாமல் போகாது. காவிரிக்கரைத் தோணித்துறையில், படகோட்டி பொன்னனையும் வள்ளியையும் வைத்து அது தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும். ஆனால் எதை இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

படி 5: தவறான இடத்தில் நுழைந்துவிட்டால்

எப்படித் தெரியும்? ஒரு பாத்திரம் வந்ததும் எழுத்தாளர் வரவேற்பு கொடுக்கிறார், உங்களுக்கு மட்டும் அது யாரென்று தெரியவில்லை. ஒரு பொருளையோ இடத்தையோ காட்டிவிட்டு, நீங்கள் புரிந்து தலையாட்டுவீர்கள் என்பதுபோல அத்தியாயத்தை முடிக்கிறார். ஒரு தடவை என்றால் விடுங்கள். முதல் ஐம்பது பக்கத்துக்குள் இரண்டு மூன்று தடவை நடந்தால், அது முன்வாசல் இல்லை. மூடி வைத்துவிட்டு உங்கள் தாளில் மேலே இருக்கும் புத்தகத்துக்குப் போங்கள். பாதிக்கு மேல் வந்திருந்தால் மட்டும் முடித்துவிடுங்கள். அந்த நேரத்தில் நிறுத்தினாலும் தெரிந்த ரகசியம் தெரிந்ததுதான்.

நூலகத்தில் நடுப்பாகம் மட்டும் இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். சபதத்தின் நான்கு பாகங்களும் ஒரே நாவல். இரண்டாம் பாகமான "காஞ்சி முற்றுகை" யாரிடமோ இருக்கிறது என்று மூன்றாம் பாகத்துக்குத் தாவக் கூடாது. காத்திருங்கள், அல்லது வேறு பதிப்பில் தேடுங்கள். வரிசையை மாற்றுவதெல்லாம் தனித்தனியாக முடியும் நாவல்களுக்குத்தான்.

கடைசியாக, என்னிடம் அடிக்கடி கேட்கப்படுவது: "பொன்னியின் செல்வனை இதில் எங்கே வைப்பது?" எங்கேயும் வைக்க வேண்டாம். 1950 முதல் 1954 வரை வந்த அந்த நாவல் பத்தாம் நூற்றாண்டுச் சோழர் கதை. மற்ற இரண்டும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலம். பார்த்திபன் கனவில் வரும் குந்தவி பல்லவ இளவரசி, பொன்னியின் செல்வனில் வரும் குந்தவை சோழ இளவரசி. இருவருக்கும் இடையே ஏறக்குறைய முந்நூறு ஆண்டு. பெயரைப் பார்த்து ஒரே தொடர் என்று நினைத்து அதை உங்கள் பட்டியலில் சேர்த்திருந்தால் அடித்துவிடுங்கள். முன்பும் படிக்கலாம், பின்பும் படிக்கலாம். ஒன்றின் ரகசியத்தை மற்றொன்று தொடாது.