பிபி மாத்திரைகளை வைத்து ‘மேட்ச் த ஃபாலோயிங்’ போடுவது எப்படி

பார்மகாலஜி தாளில் ‘மேட்ச் த ஃபாலோயிங்’ வரும் என்று தெரிந்ததும், மருந்தையும் பக்கவிளைவையும் ஜோடி ஜோடியாக உருப்போடுகிறவர்கள்தான் அதிகம். நாலைந்து ஜோடி வரை அது தாங்கும். அதற்கு மேல் போனால், பொட்டாசியம் கூடுமா குறையுமா என்கிற இடத்தில் எல்லாம் கலந்துவிடும். ஈரோட்டில் என்னிடம் படிக்க வரும் டி.பார்ம், நர்சிங் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, மருந்துக்கும் பக்கவிளைவுக்கும் நடுவில் ஒரு வரி எழுதச் சொல்வதுதான். மருந்து எதை மறிக்கிறது, மறித்தால் அடுத்து என்ன ஆகும் என்கிற ஒரே வரி.

பிபி மருந்துகளை வைத்தே பார்ப்போம். நம் பக்கம் ஆத்தாவோ அப்பாருவோ இருக்கிற வீட்டில் இந்த அட்டை ஒன்றாவது கிடக்கும். அதை எடுத்துப் பாருங்கள். கம்பெனி வைத்த பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, ‘டெல்மிசார்டன் டேப்லெட்ஸ் ஐ.பி.’ என்பது போல அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். பரீட்சையில் வருவது அந்தப் பெயர்தான்.

கேள்வி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. எனலாப்ரில்
2. லோசார்டன்
3. அம்லோடிபின்
4. ப்ரோப்ரனலால்
5. ஸ்பைரனோலாக்டோன்
6. ஹைட்ரோகுளோரோதயசைட்

அ. ரத்தத்தில் பொட்டாசியம் குறைதல், யூரிக் அமிலம் கூடுதல்
ஆ. ஆண்களுக்கு மார்பு பெரிதாதல்
இ. வறட்டு இருமல்
ஈ. கணுக்கால் வீக்கம்
உ. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறல்
ஊ. பொட்டாசியம் கூடுதல்

படி 1: பெயரின் வாலைப் பாருங்கள்

‘-ப்ரில்’ என்று முடிந்தால் ஏசிஇ தடுப்பான். ‘-சார்டன்’ என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான். ‘-டிபின்’ கால்சியம் வாயிலை மூடுவது, ‘-லால்’ பீட்டா தடுப்பான்.  கடைசி இரண்டும் சிறுநீரைக் கூட்டும் மருந்துகள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

படி 2: நடு வரியை எழுதுங்கள்

எனலாப்ரிலில் தொடங்கலாம். ஏசிஇ என்ற நொதிக்கு இரண்டு வேலை. ஆஞ்சியோடென்சின் ஒன்றை இரண்டாக மாற்றுவது ஒன்று, பிராடிகைனினை உடைப்பது மற்றொன்று. நொதியை மறித்தால் இரண்டு வேலையும் நின்றுபோகும். ஆஞ்சியோடென்சின் இரண்டு உருவாகாததால் ரத்தக்குழாய் தளர்ந்து பிபி இறங்கும். உடையாத பிராடிகைனின் தேங்கி, மூச்சுப்பாதையைக் கிளறி, சளியில்லாத வறட்டு இருமலைக் கொண்டுவரும். இந்த மருந்துகளின் பிறப்பே பிராடிகைனினோடு சேர்ந்தது. 1965-இல் செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி, அந்நாட்டு விரியன் பாம்பின் விஷத்தில் பிராடிகைனினின் வேலையைக் கூட்டும் ஒரு பொருளைக் கண்டார். அந்த வழியில் போய்த்தான் கேப்டோப்ரில் வந்தது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் இருமல் யாருடையது என்பது மறக்காது.

லோசார்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் இரண்டு போய் உட்காரும் ஏற்பியை மட்டும் அடைக்கிறது. பிராடிகைனின் வழக்கம்போல உடைந்துகொண்டே இருப்பதால், எனலாப்ரில் தருகிற அந்த இருமல் இதில் வருவதில்லை.

அம்லோடிபின் ரத்தக்குழாயின் தசைக்குள் கால்சியம் போவதை மறிக்கிறது. தளர்வது பெரும்பாலும் சின்னத் தமனிகள்தான். சிரைப் பக்கம் அந்த அளவுக்குத் தளராது. கீழ்பவானி வாய்க்கால் மதகை அகலமாகத் திறந்துவிட்டு, வயலின் வடிகாலை அப்படியே விட்டால் என்ன ஆகும்? அதேபோல நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் வெளியே கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. உடம்பில் உப்பும் நீரும் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை இது. அதனால்தான் சிறுநீர் மாத்திரை கொடுத்தாலும் இது லேசில் வடிவதில்லை. வைவாவில் இதைக் கட்டாயம் கேட்பார்கள்.

ப்ரோப்ரனலால் இதயத்தில் இருக்கும் பீட்டா ஒன்றோடு, மூச்சுக்குழாயில் இருக்கும் பீட்டா இரண்டையும் சேர்த்து அடைக்கும். பீட்டா இரண்டு மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பது. அது அடைபட்டால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும். அட்டினலால் பீட்டா ஒன்றைத்தான் அதிகம் பிடிக்கும். ஆனாலும் டோஸ் ஏற ஏற அந்த வேறுபாடு மங்கிவிடும்.

ஹைட்ரோகுளோரோதயசைட் சிறுநீரகக் குழலின் பின்பகுதியில் சோடியம் திரும்ப உள்ளே போவதை மறிக்கிறது. மிச்சப்படும் சோடியம் இன்னும் கீழே போய்ச் சேரும். அங்கே உடம்பு சோடியத்தை இழுத்துக்கொண்டு பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் குறையும். யூரிக் அமிலம் வெளியேறுவதும் குறைவதால் அது ரத்தத்தில் கூடும்.

ஸ்பைரனோலாக்டோன் அதே கீழ்ப்பகுதியில் ஆல்டோஸ்டிரோன் உட்காரும் ஏற்பியை அடைக்கிறது. பொட்டாசியத்தை வெளியே தள்ளச் சொல்வது ஆல்டோஸ்டிரோன்தான். அது ஓய்ந்தால் பொட்டாசியம் தங்கிவிடும். இந்த மருந்தின் உருவம் ஸ்டீராய்டு மாதிரி இருப்பதால், ஆண் ஹார்மோனின் ஏற்பியையும் போய் அடைக்கிறது. ஆண்களுக்கு மார்பு பெரிதாவது அதனால்தான்.

படி 3: ஒருவருக்கே உரியதை முதலில் போடுங்கள்

இங்கேதான் மார்க் போகிறது. வரிசைப்படி ஒன்றிலிருந்து ஆறு வரை போகாதீர்கள். வலப்பக்கம் போய், எது ஒரே மருந்துக்கு மட்டும் பொருந்தும் என்று தேடுங்கள். இருமல், எனலாப்ரில். மார்பு, ஸ்பைரனோலாக்டோன். கணுக்கால், அம்லோடிபின். ஆஸ்துமா, ப்ரோப்ரனலால். பொட்டாசியம் குறைவது இந்தப் பட்டியலில் ஹைட்ரோகுளோரோதயசைடுக்கு மட்டும்தான்.

‘பொட்டாசியம் கூடுதல்’ என்பதைத் தொடாமல் வையுங்கள். எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரனோலாக்டோன் மூன்றும் ஆல்டோஸ்டிரோனின் வேலையைக் குறைப்பதால் மூன்றுக்கும் அது பொருந்தும். “அக்கா, ஸ்பைரனோலாக்டோனுக்குப் பொட்டாசியம்னு புக்குல பெருசா போட்டிருந்துச்சுங்க, அதைத்தான் மொதல்ல எழுதினேன்” என்றாள் கோபியிலிருந்து வரும் ஒரு பிள்ளை. அவள் எழுதியதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அப்படிப் போட்டால் மார்பு பெரிதாவதை லோசார்டன் தலையில் கட்ட வேண்டிவரும். மற்ற இரண்டுக்கும் தனி அடையாளம் கிடைத்துவிட்டதால், பொட்டாசியம் லோசார்டனுக்கு வந்து சேர்கிறது.

விடை: 1-இ, 2-ஊ, 3-ஈ, 4-உ, 5-ஆ, 6-அ.

வலப்பக்கம் ஒரு வரி கூடுதலாகக் கொடுத்திருந்தால், கடைசியில் மிஞ்சியதைக் கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடாது. மிஞ்சும் இரண்டுக்கும் நடு வரி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

படி 4: கதையாக வந்தால்

இதே விஷயத்தைக் கேஸாகவும் கேட்பார்கள். 62 வயது விவசாயி, மூன்று மாதமாகப் பிபிக்கு மாத்திரை எடுக்கிறார். சில வாரமாக இருமல், சளி இல்லை, காய்ச்சல் இல்லை, மருந்துக்கடையில் வாங்கிக் குடித்த டானிக்கும் கேட்கவில்லை. எந்த வகை மருந்து, அதற்குப் பதில் எது? ‘-ப்ரில்’ என்று எழுதி, மாற்று ‘-சார்டன்’ என்று எழுதுங்கள். காரணமாகப் பிராடிகைனின் என்ற சொல் விடைத்தாளில் இருக்க வேண்டும்.

அடுத்த கேள்வியிலேயே ‘வீக்கம்’ என்று போட்டுக் குழப்புவார்கள். எங்கே வீங்கியது என்று பாருங்கள். இரண்டு கணுக்காலும் என்றால் அம்லோடிபின். உதடு, நாக்கு, முகம் என்றால் மறுபடியும் பிராடிகைனின், அதாவது எனலாப்ரில் வகை. மூச்சுப்பாதை அடைக்கக்கூடிய அவசர நிலை அது. ‘உடனே மருந்தை நிறுத்த வேண்டும், திரும்ப அந்த வகையைக் கொடுக்கக்கூடாது’ என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.